சிங்கிள் பேஸ் போதுமா, த்ரீ பேஸ் வேண்டுமா: ஒரு வீட்டின் பளுவைக் கூட்டிப் பார்த்த கணக்கு

பாளையங்கோட்டையில் மாடியோடு எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு வயரிங் எடுத்திருந்தேன். சுவரில் குழாய் பதிக்கும் வேலை தொடங்கிய அன்று வீட்டுக்கார அக்கா கேட்டார்: "தம்பி, பழைய வீட்டுல சிங்கிள் பேஸ்தான். பத்து வருஷமா ஒரு குறையும் இல்ல. இங்கயும் அதையே போட்டா என்ன?"

நியாயமான கேள்வி. கம்பத்திலிருந்து மின்சாரம் ஒரே பேஸ் வயரில் வந்தால் சிங்கிள் பேஸ், மூன்று பேஸ் வயரில் பிரிந்து வந்தால் த்ரீ பேஸ். ஆனால் அந்தக் கேள்விக்கு அனுபவத்தை வைத்து வாயால் பதில் சொல்லக்கூடாது. காகிதத்தில் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு கூட்டல் இல்லை, இரண்டு. வீட்டில் இருக்கும் எல்லாப் பொருளின் வாட்டையும் கூட்டினால் வருவது இணைப்புப் பளு. ஈபி ஆபீஸ் விண்ணப்பத்தில் எழுதுவதும், சிங்கிளா த்ரீயா என்று தீர்மானிப்பதும் இந்த எண்தான். ஒரே நேரத்தில் ஓடுகிறவற்றை மட்டும் கூட்டினால் வருவது இன்னொரு எண். பளு மிஞ்சினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் எம்சிபி எத்தனை ஆம்பியர், மெயின் வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதை அது முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிற இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது.

அக்காவிடம் நோட்டை வாங்கி, வாங்கப்போகும் பொருள்களை அவரையே சொல்லச் சொன்னேன். வந்த பட்டியல் இது:

- எல்இடி விளக்குகள் 18: 180 வாட்
- சீலிங் ஃபேன் 6: 450
- ஏசி, ஒன்றரை டன் ஒன்று: 1600
- ஏசி, ஒரு டன் ஒன்று: 1100
- 25 லிட்டர் கீசர் 2: 4000
- இண்டக்ஷன் அடுப்பு: 2000
- ஒரு எச்பி தண்ணீர் மோட்டார்: 1100
- மிக்சி, கிரைண்டர்: 900
- அயர்ன் பாக்ஸ்: 1000
- வாஷிங் மெஷின், மேலே திறப்பது: 400
- ஃபிரிட்ஜ்: 200
- டிவி, மோடம், சார்ஜர்கள்: 200
- இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ்: 300

மொத்தம் 13,430 வாட். பதின்மூன்றரை கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியல் போடும்போது மூன்று இடத்தில் கை தவறும். ஏசியின் பட்டையில் 5200 வாட் என்பது போல ஒரு பெரிய எண் இருக்கும். அது குளிரூட்டும் திறன். மின்சாரம் எடுக்கும் அளவு பக்கத்தில் தனியாக இருக்கும், ஒன்றரை டன்னுக்கு 1500, 1600 என்று. கூட்ட வேண்டியது அதைத்தான். மோட்டாரில் இதற்கு நேர்மாறு. ஒரு எச்பி என்றால் 746 வாட் என்று பாடத்தில் படித்திருப்போம், ஆனால் அது தண்டு வெளியே தரும் சக்தி. உள்ளே இழுப்பது ஏறக்குறைய 1100 வாட். மூன்றாவது இன்வெர்ட்டர். அதில் ஓடும் ஃபேனையும் லைட்டையும் ஏற்கெனவே எழுதியாயிற்று. மறுபடி இன்வெர்ட்டரின் 900 விஏவைக் கூட்டினால் ஒரே பளுவை இருமுறை எண்ணியதாகும். பேட்டரி சார்ஜ் ஆக எடுப்பதை மட்டும் சேர்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் இணைப்புப் பளு 4 கிலோவாட் வரை சிங்கிள் பேஸ், அதற்கு மேல் த்ரீ பேஸ் என்பது நெடுநாளாக இருந்துவரும் வரம்பு. விண்ணப்பம் போடும் நாளில் பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எப்படியானாலும் பதின்மூன்றரை அந்த வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. விதிப்படி அக்கா வீட்டுக்கு வேறு பதில் இல்லை.

ஆனால் அக்கா விடவில்லை. "எல்லாத்தையும் ஒரே நேரத்துல யாரு தம்பி போடப் போறா? ஏசியும் கீசரும் சேர்ந்தா ஓடும்?"

சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். 13,430 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 58 ஆம்பியர். அந்த 58 ஆம்பியர் அந்த வீட்டில் ஒரு நாளும் ஓடப்போவதில்லை. அப்படியானால் உண்மையில் எவ்வளவு ஓடும்? இதற்கு நான் நாளின் ஒவ்வொரு வேளையையும் நினைத்துப் பார்ப்பேன். விளக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு, ப்ளக் பாயின்ட்டுக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்துக் கணக்கிடும் முறைகள் உண்டு. பெரிய கட்டடத்துக்கு அவை நல்லவை. தனி வீட்டுக்கு, அந்த வீட்டுக்காரர்கள் எத்தனை மணிக்கு எதைப் போடுகிறார்கள் என்று கேட்பதே இன்னும் சரியாக வரும்.

இரவு பத்து மணியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜ், மூன்று ஃபேன், ஐந்து விளக்கு. கூட்டினால் 3475 வாட், 15 ஆம்பியர். எல்லோரும் பயப்படும் ஏசி, இரண்டாக ஓடியும் அவ்வளவுதான்.

இப்போது காலை ஆறரை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். கீழே ஒரு கீசர், மாடியில் ஒரு கீசர். அடுப்படியில் இண்டக்ஷனில் இட்லி வேகிறது, மிக்சியில் சட்னி. தண்ணீர் வரும் நேரம் என்பதால் மோட்டாரும் ஓடுகிறது. ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்து 8350 வாட். இதை அப்படியே 230ஆல் வகுத்தால் 36 ஆம்பியர் வரும். ஆனால் மோட்டார் தன் வாட்டுக்கு உரியதைவிடக் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். கீசர் மாதிரியான சூடாக்கும் பொருளுக்கு வாட்டை வோல்ட்டால் வகுத்தால் போதும். மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் ஏறக்குறைய 0.8 என்று வைத்தால் 1100 வாட்டுக்கு 6 ஆம்பியர். ஆக மொத்தம் 37, 38 ஆம்பியர்.

வீட்டின் உச்சம் வெயில்கால இரவில் இல்லை, மார்கழிக் காலையில் இருக்கிறது. ஏசி வாங்கும்போது லோடு தாங்குமா என்று கேட்கிறவர்கள் கீசர் வாங்கும்போது கேட்பதில்லை. 25 லிட்டர் கீசர் முழுவதும் குளிர்ந்த தண்ணீரைச் சூடாக்க அரை மணி நேரத்துக்கு மேல் போகலாம். அந்த நேரம் முழுக்க 2000 வாட்டையும் முழுதாக எடுக்கும், ஏசி போல ஏறி இறங்காது.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வழி, அக்கா கேட்ட சிங்கிள் பேஸ், இரண்டு வயரையும் துண்டிக்கும் 32 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி. காலை ஆறரைக்கு அதில் 37, 38 ஆம்பியர் ஓடும். விழுமா, விழாதா? 32 என்று எழுதியிருப்பதால் 33க்கு விழுந்துவிடாது. எம்சிபிக்கான தரத்தின்படி அது தன் அளவைப் போல 1.13 மடங்கை, அதாவது 36 ஆம்பியரை, ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கு, அதாவது 46 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் விழலாம். நம் 37 ஆம்பியர் சரியாக அந்த நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இந்த அளவெல்லாம் 30 டிகிரி வெப்பத்தில் சோதித்தது. மெயின் பெட்டி மேற்குச் சுவரில் வெயில் படும் இடத்தில் இருந்தால் அதற்கு முன்பே விழும். ஒரு நாள் விழும், நான்கு நாள் விழாது. வயர்மேனைக் கூப்பிட்டால் அவர் வரும் பதினோரு மணிக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

இதற்குள் ஒரு கிளைவழி உண்டு. இரண்டு கீசருக்கும் நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்று செய்துவிட்டால் உச்சம் 29 ஆம்பியருக்கு இறங்கிவிடும். 32 ஆம்பியர் எம்சிபி நிம்மதியாக இருக்கும். ஏற்கெனவே சிங்கிள் பேஸ் உள்ள வீட்டில், த்ரீ பேஸ் கிடைக்கும்வரை, நான் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் சிங்கிள் பேஸ் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 5–30 ஆம்பியர் மீட்டர். அதன் உச்சத்தைத் தொட்டுக்கொண்டு தினமும் வாழ்வது இது. பிள்ளைகள் வளர்ந்து இன்னொரு ஏசி வந்தால் இடமே கிடையாது. விண்ணப்பத்தில் 4 கிலோவாட்டுக்குள் என்று எழுதிவிட்டு உள்ளே பதின்மூன்றரையை வைத்துக்கொள்வது உண்மைக்கு மாறாக எழுதுவதும் ஆகும். மீட்டர்கள் அதிகபட்சத் தேவையைப் பதிவு செய்யும் காலம் இது. மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டில் அனுமதித்த பளுவை ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது தாண்டினால் பளுவை உயர்த்தித் திருத்தலாம்.

இரண்டாவது வழியை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாக நடப்பது அதுதான். சிங்கிள் பேஸையே வைத்துக்கொண்டு, எம்சிபி விழுகிறதே என்று 32ஐக் கழற்றிவிட்டு 63 மாட்டுவது.

அப்படி மாட்டிய ஒரு வீட்டுக்கு இரண்டு வருடம் முன்பு கூப்பிட்டார்கள். எம்சிபி விழுவது நின்றுபோயிருந்தது, ஆனால் மாலையில் விளக்கு லேசாக மினுக்குகிறது என்றார்கள். மீட்டர் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது, மீன் கருகிய மாதிரி. சூடான பிவிசியும் பேக்லைட்டும் சேர்ந்தால் வரும் வாடை அது. மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். மெயின் சுவிட்சுக்குள் போகும், மின்சாரம் திரும்பிப் போவதற்கான கறுப்பு நியூட்ரல் வயரின் உறை இரண்டு விரற்கடை நீளத்துக்குப் பழுப்பாகி, தொட்டதும் முட்டை ஓடு போல உதிர்ந்தது. உள்ளே செம்பு நீலம் பாய்ந்திருந்தது. திருகைத் தொட்டால் அரைச்சுற்று ஆடுகிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயர். குழாய்க்குள் அது தாங்குவது ஏறக்குறைய 26 ஆம்பியர்.

எம்சிபி வைப்பது பொருள்களுக்காக இல்லை, வயருக்காக. வயர் சூடாகி உறை உருகுவதற்கு முன் துண்டிப்பதுதான் அதன் வேலை. 26 ஆம்பியர் வயருக்குப் பின்னால் 63ஐ வைத்தால், 50 ஆம்பியர் ஓடினாலும் எம்சிபி பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்த வீட்டில் விழுந்துகொண்டிருந்த 32கூட அந்த வயருக்குப் பெரிதுதான். விழும் எம்சிபி கெட்டுப்போனது என்று முடிவு செய்வதற்கு முன் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். இருபது நிமிடம், அரை மணி நேரம் ஓடிவிட்டு விழுந்து, தொட்டால் சூடாக இருந்தால், பளு கூடுதல். போட்ட கணமே டப் என்று விழுந்தால் ஷார்ட். எம்சிபி நிற்க, பக்கத்தில் டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் எங்கோ கசிவு, பெரும்பாலும் பழைய கீசரின் ஹீட்டிங் காயிலில். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எதற்கும் பெரிய எம்சிபி மருந்தில்லை.

வயரையும் 10 சதுர மில்லிமீட்டராகப் போட்டு, 40 ஆம்பியர் எம்சிபி வைத்தால் சிங்கிள் பேஸில் சரியாகிவிடாதா? வீட்டுக்குள் சரியாகிவிடும். ஆனால் மீட்டர் 30 ஆம்பியர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும் அதற்கு ஏற்றதுதான். நம் பக்கத்தை மட்டும் தடிப்பாக்கினால் சூடு அந்தப் பக்கம் போய் உட்காரும்.

மூன்றாவது வழி த்ரீ பேஸ். இங்கே அக்காவுக்கு நான் முதலில் சொன்னது, இதனால் கரண்ட் பில் ஏறாது என்பதுதான். வீட்டு யூனிட் விலை இரண்டுக்கும் ஒன்றே. 2022 கட்டணத் திருத்தத்தில் வீடுகளுக்கான நிலைக்கட்டணமும் போய்விட்டது. செலவு முதலில்தான் இருக்கிறது: இணைப்புக்குக் கட்டும் தொகையும் வைப்பும் கிலோவாட்டுக்கு ஏற்ப ஏறும், இரண்டு வயருக்குப் பதில் நான்கு வயர் இழுக்க வேண்டும், நான்கு போல் எம்சிபி, நான்கு போல் ஆர்சிசிபி, இவையெல்லாம் உட்காரும் பெரிய டிபி பாக்ஸ்.

அந்தச் செலவுக்குக் கிடைப்பது என்ன என்பது பளுவை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் இருக்கிறது. த்ரீ பேஸ் வாங்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பேஸில் மாட்டினால் சிங்கிள் பேஸ்தான். கீழ்த்தளம் ஒரு பேஸ், மாடி ஒரு பேஸ், மோட்டார் ஒரு பேஸ் என்று தளவாரியாகப் பிரிப்பது வழக்கம். வேலைக்கு எளிது, ஆனால் நல்ல பிரிவினை இல்லை. காலையில் எல்லோரும் இருப்பது கீழ்த்தளத்தில்தான் என்றால் அந்தப் பேஸ் மட்டும் மூச்சு வாங்கும். ஒரே நேரத்தில் ஓடுகிறவை வேறு வேறு பேஸில் இருக்க வேண்டும், ஒருபோதும் சேர்ந்து ஓடாதவை ஒரே பேஸில் இருக்கலாம். "ஏசியும் கீசரும் சேர்ந்தா ஓடும்?" என்று அக்கா கேட்டாரே, அந்தக் கேள்வியே இதற்கான விடை. காலையில் ஓடும் கீசருக்கு இரவில் ஓடும் ஏசி நல்ல ஜோடி.

அப்படிப் பிரித்தேன். சிவப்புப் பேஸில் அடுப்படி முழுவதும், கீழ்த்தள விளக்கும் ஃபேனும், டிவி, அயர்ன் பாக்ஸ். மஞ்சளில் கீழ்க் கீசர், ஒன்றரை டன் ஏசி, வாஷிங் மெஷின், மாடி விளக்கும் ஃபேனும். நீலத்தில் மாடிக் கீசர், ஒரு டன் ஏசி, மோட்டார், இன்வெர்ட்டர் சார்ஜ். மூன்றின் இணைப்புப் பளுவும் முறையே 4615, 4315, 4500 வாட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஒரு பேஸில் 20 ஆம்பியரை ஒட்டித்தான் வரும். காலை ஆறரை மணிக்கு சிவப்பில் 13.5, மஞ்சளில் 9, நீலத்தில் மோட்டாரோடு சேர்த்து 15 ஆம்பியர்.

அப்படியானால் மெயின் எம்சிபி 25ஆ, 32ஆ, 40ஆ? கணக்குப்படி 25 போதும். 20க்கு மேல் போகாத வீட்டுக்கு 40 வைப்பதில் எந்தப் பொருளும் இல்லை, வயரைத்தான் தேவையில்லாமல் தடிப்பாக்க வேண்டிவரும். 25க்கும் 32க்கும் நடுவில்தான் கொஞ்சம் யோசித்தேன். அக்கா, பின்னால் கார் வாங்கினால் மின்சாரக் கார்தான் என்றார். வீட்டு ப்ளக்கில் போடும் 3.3 கிலோவாட் சார்ஜர் ஒரு பேஸில் 14, 15 ஆம்பியரை இரவெல்லாம் இழுக்கும். மஞ்சளில் ஒன்றரை டன் ஏசியும் அதுவும் சேர்ந்தால் 21 ஆம்பியர், மணிக்கணக்கில். 25 எம்சிபி இதைத் தாங்கும், ஆனால் மே மாத இரவில் மூடிய பெட்டிக்குள் அது இடைவிடாமல் சூடாக இருக்கும். அதனால் 32, சி வகை, நான்கு போல், மெயினுக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று முடிவு செய்தேன். சி வகை ஏன் என்றால், மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பி வகை தன் அளவின் 3 முதல் 5 மடங்குக்குள் உடனே துண்டிக்கும், சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். மெயினுக்கு இது பெரிய வித்தியாசமில்லை, மோட்டாரின் தனி எம்சிபிக்குத்தான் கண்டிப்பாகத் தேவை.

மெயினுக்கு அடுத்து 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஆர்சிசிபி கசிவைத்தான் பார்க்கும், கூடுதல் பளுவுக்கு விழாது. அதனால் அதன் ஆம்பியர் மெயின் எம்சிபியைவிடக் குறையக்கூடாது.

தெரு முனையில் உள்ள வீடுகளுக்கு இன்னொரு லாபம். மீட்டரிலிருந்து டிபி பாக்ஸ் வரை 30 மீட்டர், 6 சதுர மில்லிமீட்டர் வயர் என்று வையுங்கள். சிங்கிள் பேஸில் 37 ஆம்பியர் போக வர 60 மீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 7 வோல்ட் வழியிலேயே போய்விடும். த்ரீ பேஸில் அதே பளு பிரிந்து ஓடும்போது 2 வோல்ட்டைத் தாண்டாது. ஏற்கெனவே 200 வோல்ட் வரும் தெருவில் அந்த 5 வோல்ட்டின் அருமை ஏசி கம்ப்ரசருக்குத் தெரியும்.

ஆனால் த்ரீ பேஸுக்கென்றே இரண்டு ஆபத்து உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கைகோத்தவை, அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

நம் ஊரில் பலர் த்ரீ பேஸ் வாங்குவதே, ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக. அதற்குப் பேஸ் சேஞ்சர் என்று மூன்று குமிழ் சுவிட்ச் வைப்பார்கள். இரண்டு பேஸ் போய் ஒன்று மட்டும் இருக்கும்போது மூன்று குமிழையும் அந்த ஒன்றுக்கே திருப்பிவிடுவார்கள். அப்போது காலை ஆறரை மணியின் 37 ஆம்பியரும் ஒரே பேஸ் வயரில் ஓடும். சேஞ்சர் மெயின் எம்சிபிக்குப் பின்னால் இருந்தால், அந்தப் பேஸின் போல் வழியே 37ம் போகும், 32 எம்சிபி அதை உணரும், ஓட்டம் நீடித்தால் விழவும் செய்யலாம். அதுவாவது நல்லது. ஆனால் பல வீடுகளில் சேஞ்சர் மீட்டருக்கும் எம்சிபிக்கும் நடுவில் இருக்கிறது. அப்போது எம்சிபியின் மூன்று போலிலும் 13, 9, 15 என்று பழையபடி பிரிந்துதான் போகும். அது எதையும் உணராது, விழாது. சேஞ்சருக்கு முந்திய பேஸ் வயரும் நியூட்ரலும் 37 ஆம்பியரைத் தனியாகச் சுமக்கும்.

நியூட்ரலை ஏன் தனியாகச் சொல்கிறேன்? த்ரீ பேஸ் ஒழுங்காக ஓடும்போது மூன்று பேஸின் ஓட்டமும் நியூட்ரலில் ஒன்றையொன்று தின்றுவிடும். நம் காலைக் கணக்கில் நியூட்ரலில் மிஞ்சுவது ஐந்தாறு ஆம்பியர்தான். இதைத் தெரிந்த சிலர் நியூட்ரலை ஒரு அளவு சன்னமாக இழுக்கிறார்கள். எல்லாக் குமிழையும் ஒரே பேஸுக்குத் திருப்பிய அன்று அந்தத் தின்னும் வேலை நடக்காது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து 37 ஆம்பியராக நியூட்ரலில் இறங்கும். சன்ன வயர், ஆடும் திருகு, சூடு. இணைப்பு உள்ளுக்குள் கருகி, பிறகு ஒரு நாள் விட்டுவிடும்.

விட்டுப்போகும் அன்று எல்லாப் பேஸும் வழக்கம்போல் வந்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு பேஸுக்கு நடுவில் 400 வோல்ட். நியூட்ரல் இல்லாததால் ஒரு பேஸின் பொருள்களும் இன்னொரு பேஸின் பொருள்களும் வரிசையாகச் சேர்ந்து அந்த 400ஐப் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. அதிக வாட் ஓடும் பேஸில் வோல்ட் குறைந்து, குறைந்த வாட் ஓடும் பேஸில் ஏறும். ஒரு பக்கம் இண்டக்ஷன் ஓட, மறுபக்கம் டிவியும் மோடமும் மட்டும் இருந்தால், டிவிக்கு 300, 350 வோல்ட் என்று போகும். ஒரு அறையில் விளக்கு கண்கூச எரிகிறது, அடுத்த அறையில் மங்குகிறது, ஃபேன் ஒன்று பேய்போல் சுற்றுகிறது என்றால் எதையும் ஆராயாதீர்கள். ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். எம்சிபி இதற்கு விழாது, ஆம்பியர் கூடவில்லையே.

அக்கா வீட்டில் இதற்காகச் செய்தது மூன்று. நியூட்ரலும் பேஸ் வயரின் அதே 6 சதுர மில்லிமீட்டர். வோல்ட் 270க்கு மேல் ஏறினால் துண்டிக்கும் காப்பான் ஒன்றை மெயினுக்கு அடுத்து வைத்தேன். பேஸ் சேஞ்சரை எம்சிபிக்குப் பின்னால், அதுவும் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், மோடம் ஆகியவற்றின் சர்க்யூட்டுக்கு மட்டும் வைத்தேன். கீசரும் ஏசியும் இண்டக்ஷனும் மோட்டாரும் அந்தக் குமிழுக்கு வெளியே. அவற்றின் பேஸ் போனால் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அக்காவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். "சேஞ்சர் இருந்தும் ஏசி ஓடாதா?" என்றார். நோட்டில் 37 என்ற எண்ணைச் சுழித்துக் காட்டினேன், சரி என்றார்.

யாருக்குச் சிங்கிள் பேஸ் போதும்? ஒரு ஏசி, சமையல் எரிவாயுவில், குளியல் தண்ணீருக்குச் சோலார் ஹீட்டர் என்று இருக்கும் வீட்டில் ஒன்றரை டன் ஏசி 1600, மோட்டார் 1100, மற்றதெல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். மொத்தம் 4 கிலோவாட்டுக்குள் அடங்கும். 25 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி, மெயினுக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர். அங்கே த்ரீ பேஸுக்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் குளியலறையில் ஒரு கீசரை மாட்டியதுமே அந்தக் கணக்கு உடைந்துவிடும். வயரிங் குழாய் பதிக்கும்போதே மீட்டரிலிருந்து டிபி பாக்ஸ் வரை நான்கு வயர் போகும் அளவுக்குப் பெரிய குழாயாகப் போட்டுவைத்தால், பின்னால் சுவரை உடைக்க வேண்டாம்.

மின்சாரக் காருக்குச் சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒரே பேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். மேலே சொன்ன த்ரீ பேஸ் வீட்டில்கூட ஒரு பேஸ் முழுவதையும் அது ஒன்றே பிடித்துக்கொள்ளும். சார்ஜரின் அமைப்பில் ஓட்டத்தை 16 ஆம்பியருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது வண்டி ஏற்குமானால் மூன்று பேஸிலும் பிரித்து எடுக்கும் 11 கிலோவாட் வகையைப் பாருங்கள். அது பேஸுக்கு 16 ஆம்பியர்தான்.

பால் காய்ச்சிக் குடிவந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கள்கிழமை காலை ஆறே முக்காலுக்கு கிளாம்ப் மீட்டரோடு அந்த வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் இண்டக்ஷன், இரண்டு கீசர், மோட்டார், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டிபி பாக்ஸ் மூடியைத் திறந்து வயர் வயராகக் கவ்விப் பார்த்தேன். சிவப்பில் 12.8. மஞ்சளில் 8.9. நீலத்தில் 14.6. நியூட்ரலில் 5.1. எம்சிபியின் மேல் விரலை வைத்தேன், சூடே இல்லை. எந்தப் பேஸில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டு, அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.